விடிந்தால் வியாழன் என்று எழுதுங்கள்

குழந்தைக்கு நட்சத்திரப்படி பெயர் வைக்க வேண்டும் என்று குருக்களுக்குக் கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்புகிறவர்கள், பணிவான சொற்களைத் தேடுவதில்தான் அதிகம் மெனக்கெடுகிறார்கள். ஆனால் பெயர் சரியாக அமைவதும் தவறிப்போவதும் பெரும்பாலும் ஒரே வரியைப் பொறுத்திருக்கிறது. அது பிறந்த நேரத்தைச் சொல்லும் வரி.

"12ஆம் தேதி புதன் இரவு 2.40-க்குக் குழந்தை பிறந்தது" என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2025 பிப்ரவரி. ஆங்கிலத் தேதி நள்ளிரவில் மாறிவிடும். பஞ்சாங்கத்தின் நாளோ சூரிய உதயத்தில்தான் தொடங்கும். ஆகவே குருக்கள் இதை 12ஆம் தேதி பிறந்ததும் வந்த 2.40 என்றும் எடுத்துக்கொள்ளலாம், புதன் பொழுது போய் விடிவதற்கு முன்னால் வந்த 2.40, அதாவது மருத்துவமனைக் கணக்கில் 13ஆம் தேதி என்றும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவே முழுதாக 24 மணி நேரம்.

அந்த வாரத்துத் திருக்கணிதப் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். 11ஆம் தேதி தைப்பூசம். அன்று மாலை ஆறரை மணி வாக்கில் பூசம் முடிந்து ஆயில்யம் வந்தது. மறுநாள் இரவு ஏழரை வாக்கில் ஆயில்யம் போய் மகம் வந்தது. குழந்தை பிறந்தது 12ஆம் தேதி 2.40 என்றால் ஆயில்யம், 13 என்றால் மகம்.

ஒரு நட்சத்திரத்துக்கு நான்கு பாதம். சந்திரன் ஒரு பாதத்தைக் கடக்கச் சுமார் ஆறு மணி நேரம் ஆகும். இரண்டு கணக்கிலும் குழந்தை இரண்டாம் பாதத்தில்தான் விழுகிறது. ஆனால் மகத்தின் எழுத்துகள் ம, மி, மு, மே. இரண்டாம் பாதத்துக்கு 'மி' என்பதால் மித்ரா, மீனாட்சி என்று பெயர்கள் தாராளமாகக் கிடைக்கும். ஆயில்யத்துக்கோ டி, டு, டே, டோ. 'டு'வில் தொடங்கும் தமிழ்ப் பெயருக்கு எங்கே போவது? இந்த மாதிரி இடங்களில் குருக்கள் பலர் எழுத்தை விட்டுவிட்டு, நட்சத்திர தேவதையை வைத்துப் பெயர் சொல்வார்கள். ஆயில்யத்துக்கு நாகம் தேவதை என்பதால் நாகராஜன், நாகலட்சுமி என்று போகும்.

பெயரோடு இது நிற்பதும் இல்லை. தவறான ஆயில்யம் ஜாதகத்திலும் ஏறிவிட்டால், வரன் பார்க்கும் வயதில் "ஆயில்யப் பெண் மாமியாருக்கு ஆகாது" என்ற பேச்சை மகத்தில் பிறந்த பெண் சுமக்க நேரிடும். அந்தப் பேச்சே அநியாயம். அதிலும் ஒரு வரியைத் தெளிவாக எழுதாததால் அது ஒரு பெண் தலையில் விழுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடிதத்தை இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய குருக்கள் அவர்களுக்கு வணக்கம். சுவாமி அருளால் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். பிறந்த நேரம் புதன்கிழமை இரவு 2.40, விடிந்தால் வியாழன். ஆங்கிலத் தேதி 13-2-2025. பிறந்த ஊர் தஞ்சாவூர். நேரம் மருத்துவமனைக் குறிப்பில் உள்ளது. இது எங்களுக்கு இரண்டாவது குழந்தை. மூத்தவன் பெயர் முகிலன். நட்சத்திரம், பாதம், அதற்குரிய எழுத்து ஆகியவற்றைத் தெரிவித்து, கூப்பிட எளிதாக நான்கைந்து பெயர்கள் சொன்னால் நன்றியுடையவர்களாக இருப்போம். அந்தப் பாதத்து எழுத்தில் பெயர் அமையாவிட்டால் அதே நட்சத்திரத்தின் வேறு எழுத்தும் எங்களுக்குச் சம்மதம். 23ஆம் தேதி புண்யாகவாசனம் வைத்திருக்கிறோம். தங்கள் சம்பாவனையை எப்படிச் சேர்ப்பிப்பது என்பதையும் சொல்ல வேண்டுகிறோம்."

கோத்திரம் பார்க்கும் குடும்பமானால் அதையும், பெற்றோர் நட்சத்திரத்தையும் ஒரு வரியில் சேர்க்கலாம். தாத்தா, பாட்டி பெயர் வர வேண்டும் என்ற ஆசை இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் பெயர்களை எழுதி அனுப்பிய பிறகு சொல்வது மரியாதை இல்லை. பெருமாள் கோயில் என்றால் பட்டாச்சாரியார் என்று விளிப்பதுதான் முறை.

நேரம் உறுதியாகத் தெரியாவிட்டால் "சுமார்" என்று போடத் தயங்க வேண்டாம். நட்சத்திரம் மாறும் வேளையை ஒட்டிப் பிறந்த குழந்தைக்கு எந்தப் பஞ்சாங்கப்படி பார்த்தார் என்றும் கேட்டுக்கொள்ளலாம். வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் அந்த வேளை வேறுபடும். வீட்டில் மற்றவர்களின் ஜாதகம் எதன்படி கணித்ததோ அதையே குழந்தைக்கும் வைத்துக்கொள்வது நல்லது.

வெளிநாட்டில் பிறந்தால் நேரத்தை நீங்களே இந்திய நேரத்துக்கு மாற்றி எழுதாதீர்கள். சிங்கப்பூரில் விடியற்காலை 2 மணி என்றால் இங்கே முதல் நாள் இரவு 11.30, தேதியே மாறிவிடுகிறது. ஊர்ப் பெயரோடு "சிங்கப்பூர் நேரம்" என்று எழுதிவிட்டால் மாற்றுவதை அவர் பார்த்துக்கொள்வார். நட்சத்திரத்துக்கு அது போதும். லக்னம் கணிக்க ஊரும் வேண்டும்.

பதில் வரத் தாமதமானால் பதற வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பெயர் இல்லாமலே பதிவு செய்துவிட்டு, பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம்.