ஒரு மின்விசிறி, ஒன்பது படங்கள்

புகைப்பட வகுப்பில் முதல் நாளே கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்துவிடுவார்கள். ஒரு மூலையில் அபர்ச்சர், ஒரு மூலையில் ஷட்டர் ஸ்பீட், மூன்றாவதில் ஐஎஸ்ஓ. எல்லோரும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அடுத்த வாரம் படம் எடுத்து வரச் சொன்னால், எல்லாப் படமும் ஆட்டோவில் எடுத்ததாகவே இருக்கும். படத்தின் வெளிச்சத்தை இந்த மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்பது படம் வரைந்து சொன்னால் புரிகிற விஷயம்தான். ஆனால் ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றில் என்ன விலை கொடுக்கிறோம் என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். அதற்கு வீட்டிலேயே ஒரு நல்ல கருவி தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பயிற்சிக்கு முன் கேமராவில் இரண்டு வேலை. டயலை M-இல் வையுங்கள். பிறகு மெனுவில் Auto ISO-வை அணைத்துவிடுங்கள். இரண்டாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் ஷட்டரைக் குறைக்கக் குறைக்க, கேமரா சத்தமில்லாமல் ஐஎஸ்ஓவை ஏற்றிச் சரிக்கட்டிவிடும். சோதிப்பது சுலபம்: ஷட்டரை மட்டும் 1/30-இலிருந்து 1/125-க்கு மாற்றி இரண்டு படம் எடுங்கள். இரண்டாவது படம் நன்றாக இருட்டிப்போயிருக்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி வந்தால் அது இன்னும் அணையவில்லை.

வெளிச்சத்தை இரட்டிப்பதையோ பாதியாக்குவதையோ 'ஒரு ஸ்டாப்' என்பார்கள். பெரும்பாலான கேமராக்களில் ஷட்டர் டயலை மூன்று சொடுக்கு திருப்பினால் ஒரு ஸ்டாப். இதைத் தெரிந்துகொண்டால் எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

இனி மின்விசிறி. பகல் நேரத்தில், ஜன்னல் வெளிச்சம் வரும் அறையில், கேமராவை மேஜையில் புத்தகங்களை முட்டுக்கொடுத்து விசிறியைப் பார்த்தபடி வையுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். நம் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டரில் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறி, சில சமயம் பட்டை பட்டையாகவும் விழும்.

அபர்ச்சரை f/5.6-இல் நிறுத்திவிடுங்கள். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸில் எவ்வளவு ஜூம் செய்தாலும் மாறாமல் நிற்கும் எண் அது. ஐஎஸ்ஓ 100. அளவுகோலின் முள் நடுவில் நிற்கும்வரை ஷட்டரை மாற்றினால், சாதாரணப் பகல் அறையில் 1/4 நொடிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வ்யூஃபைண்டரில் இது வெறும் 4 என்று தெரியும் கேமராக்கள் உண்டு. பக்கத்தில் இரட்டைக் கோடு போட்டு 4" என்றிருந்தால் அது நான்கு முழு நொடி. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இது முதல் படம். அடுத்த படத்துக்கு ஷட்டரை ஒரு ஸ்டாப் வேகமாக்குங்கள்; 1/8. போன வெளிச்சத்தை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை 200 ஆக்குங்கள். அடுத்து 1/15, 400. இப்படியே ஏறிப்போனால் 1/60-க்கு 1600, 1/250-க்கு 6400, ஒன்பதாவது படத்தில் 1/1000-க்கு 25600. உங்கள் கேமரா அதுவரை ஏறாவிட்டால் ஏறும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். கைபேசியின் 'ப்ரோ' முறையிலும் இதைச் செய்யலாம். பெரும்பாலான கைபேசிகளில் அபர்ச்சர் மாறவே மாறாது என்பதால் அந்தக் கவலையும் இல்லை.

ஒன்பதையும் வரிசையாகப் பாருங்கள். வெளிச்சம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். வெள்ளை சீலிங் கொஞ்சம் சாம்பலாக வந்திருக்கலாம். பரவாயில்லை, எல்லாப் படத்திலும் அதே சாம்பல்தானா என்பதுதான் கேள்வி. ஒன்று மட்டும் தனியாக இருட்டியிருந்தால் சொடுக்கு எண்ணியதில் பிசகு, இல்லையென்றால் அந்த நேரம் பார்த்து மேகம் மறைத்திருக்கிறது.

வெளிச்சம் ஒன்றே, ஆனால் படம் ஒன்றல்ல. விசிறி நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம், நொடிக்கு ஐந்து. 1/4 நொடிக்குள் ஒரு சுற்றுக்கு மேலேயே போய்விடுவதால் இறக்கைகள் கரைந்து வெறும் வட்டம்தான் தெரியும். 1/60-இல் இறக்கையின் நுனி ஓர் அடி நகர்ந்திருக்கும். 1/1000-இல் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. விசிறி நின்றுபோனது போலிருக்கும். இறக்கையோடு சேர்ந்து, தொங்கும் கம்பியும் கலங்கியிருந்தால் அது விசிறியின் அசைவு அல்ல, கேமரா ஆடியது. மேஜையில் வைத்திருந்தாலும் பட்டனை அழுத்தும்போது ஆடும். இரண்டு நொடி டைமரில் எடுங்கள்.

விலை எங்கே என்று பார்க்க, விசிறிக் கிண்ணத்தின் நிழல் பகுதியைத் திரையில் பெரிதாக்குங்கள். முதல் படத்தில் வழவழப்பாக இருக்கும். ஒன்பதாவதில் ரவை தூவியது போலிருக்கும். உடனே 'ஐஎஸ்ஓ ஏற்றினால் படம் கெடும்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முக்கோணப் படம் ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். சென்சாருக்குள் வெளிச்சத்தை விடுவது அபர்ச்சரும் ஷட்டரும் மட்டுமே. ஐஎஸ்ஓ, கிடைத்ததைப் பெருக்கிக் காட்டும் வேலையைச் செய்கிறது. ஒன்பதாவது படத்துக்குக் கிடைத்த வெளிச்சம் முதல் படத்துக்குக் கிடைத்ததில் 256-இல் ஒரு பங்கு. ரவை அந்தப் பஞ்சத்தால் வந்தது. ஐஎஸ்ஓவை மட்டும் 100-இல் வைத்து அதே ஷட்டரில் இருட்டாக எடுத்து, பிறகு கணினியில் தூக்கிப் பாருங்கள். ரவை அப்போதும் வரும், பல கேமராக்களில் முன்னைவிட மோசமாகவே.

இதே f/5.6, 1/1000-ஐ வைத்துக்கொண்டு உச்சி வெயிலில் தெருவுக்குப் போங்கள். ஐஎஸ்ஓ 100 போதும். வெயில் நம் அறையைவிட எட்டு ஸ்டாப் கூடுதல். கண் உடனுக்குடன் பழகிக்கொள்வதால் அந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. கல்யாண மண்டபத்துக்குள் எடுத்த படம் ஏன் புள்ளி புள்ளியாக வந்தது என்று கேமராவைத் திட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்ட வேண்டும்.

அபர்ச்சருக்கு மூன்று எவர்சில்வர் டம்ளர் போதும். ஒன்றன்பின் ஒன்றாக ஒரு சாண் இடைவெளியில் வைத்து, ஒரு மீட்டர் தள்ளி, 55-இல் ஜூம் செய்து, முன்னால் இருப்பதில் ஃபோகஸ் செய்யுங்கள். f/5.6-இல் துலக்கமாக விழும் ஆழம் ஏழு சென்டிமீட்டர் அளவுதான். பின்னால் உள்ள இரண்டும் கலங்கிவிடும். f/22-இல் அது நான்கு மடங்காகும், இரண்டாவது டம்ளர் ஓரளவு தெளியும். ஆனால் நான்கு ஸ்டாப் போய்விட்டது. 1/60 இருந்த இடத்தில் 1/4 வேண்டும். கூடவே இன்னொன்றையும் கவனிக்கலாம்: f/22-இல் முன்னால் உள்ள டம்ளரின் விளிம்பே f/8-இல் இருந்த கூர்மையை இழந்திருக்கும். மிகச் சிறிய துளையில் ஒளி சிதறுவதால் வருவது அது, ஃபோகஸ் தவறல்ல.

கடைசிப் பயிற்சியில் மட்டும் எண் எதுவும் கொடுப்பதில்லை. மாலையில் மரத்தடியில் ஊஞ்சலாடும் குழந்தை. முகம் தெளிவாக வர வேண்டும், ஐஎஸ்ஓ 1600-ஐத் தாண்டக் கூடாது. படத்தோடு அதன் மூன்று எண்களையும், எதை முதலில் முடிவு செய்தார்கள் என்பதையும் எழுதித் தர வேண்டும். வெளிச்சம் போதாமல் திணறும்போது சிலர் ஒரு விஷயத்தைத் தாங்களாகவே கண்டுபிடித்து வருகிறார்கள்: ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும் கணத்தில் ஏறக்குறைய அசைவே இல்லை. அங்கே 1/125 போதும்.