குடோனில் கரையும் சார்ஜ்

வேலூரில் ஒரு பேட்டரிக் கடை. பின்னால் தகரக் கூரை போட்ட குடோன். அதில் கம்ப்யூட்டர் யுபிஎஸ்களுக்கான 12 வோல்ட், 7 ஏஎச் சீல்டு பேட்டரிகள் பெட்டி பிரிக்காமலேயே அடுக்கியிருக்கின்றன. ஜனவரிக் கடைசியில் முழு சார்ஜோடு வந்த சரக்கு அது என்று வைத்துக்கொள்வோம். ஜூனில் ஒன்றை வாங்கி வீட்டில் மாட்டுகிறவருக்கு எவ்வளவு சார்ஜ் கிடைக்கும்?

எதிலும் இணைக்காமல் சும்மா வைத்தாலும் லெட் ஆசிட் பேட்டரியின் சார்ஜ் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். உள்ளே தகடுகளுக்கும் அமிலத்துக்கும் இடையே மெதுவாக நடக்கும் வேதிவினைதான் காரணம். இந்த வகை சீல்டு பேட்டரியில் 25 டிகிரி செல்சியஸில் மாதத்துக்குச் சுமார் 3 சதவீதம் போகும். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் இந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதாவது 35 டிகிரியில் 6 சதவீதம், 45 டிகிரியில் 12.

இனி குடோன் கணக்கு. பிப்ரவரி, மார்ச்சில் உள்ளே சராசரி 30 டிகிரி என்றால் இரண்டு மாதத்தில் சுமார் 8 சதவீதம் இறங்கும். ஏப்ரல், மே மாதங்களில் தகரத்தடியில் சராசரி 40 டிகிரியைத் தொட்டால் இன்னொரு 17 சதவீதம். ஆக, நான்கே மாதத்தில் கால்வாசி சார்ஜ் காலி. ஏசி அறையில் இதே இழப்புக்கு எட்டு மாதம் பிடித்திருக்கும்.

வெறும் சார்ஜ்தான் போனது என்றால் கவலையில்லை, திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் சார்ஜ் இறங்கும்போது தகடுகளில் ஈய சல்ஃபேட் படிகிறது. அது வாரக்கணக்கில் அப்படியே கிடந்தால் பெரிய படிகங்களாக இறுகி, பிறகு சார்ஜ் போட்டாலும் கரைய மறுக்கும். அப்படிப்பட்ட பேட்டரியை அடையாளம் காண்பது எளிது. சார்ஜரில் போட்டதும் வோல்டேஜ் மளமளவென்று ஏறி 'ஃபுல்' காட்டும்; லோடு கொடுத்ததும் சரிந்துவிடும்.

அதனால்தான் இருப்பில் உள்ள பேட்டரிக்கு இடையிடையே ஃப்ரெஷ்னிங் சார்ஜ் போட வேண்டும். 25 டிகிரிக்குள் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். 35 டிகிரியில் மூன்று மாதம். வேலூர் மே மாத தகரக் குடோனுக்கு ஒன்றரை மாதம்தான் கெடு. நாள்காட்டியை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரும் வைத்துப் பார்ப்பது நல்லது. முழு சார்ஜில் இது சுமார் 12.8 வோல்ட் காட்டும், 12.6க்குக் கீழே வந்தால் தேதி பார்க்காமல் சார்ஜ் போட்டுவிட வேண்டும். 14.4 வோல்ட் அளவில், 0.7 ஆம்பியருக்கு மிகாமல் ஏற்றி, மின்னோட்டம் மிகவும் குறைந்து நிலைக்கும் வரை விட்டு, பிறகு கழற்றி வைக்கலாம்.

சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்று இன்றும் சொல்கிறார்கள். இன்றைய பிளாஸ்டிக் உறைக்கு அது பொருந்தாது. கோடையில் குளிர்ந்த தரை அதற்கு நல்லதுதான்.

வாங்கப் போகிறவர்கள் தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள். கடைக்காரரையே மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 12.6க்குக் கீழே காட்டினால் வேறு பேட்டரி கேளுங்கள்.