அடுத்த பத்து லட்சம் என்ன சம்பாதிக்கும்?

இந்த வாரம் டிவியில் விளம்பரம் பார்த்தவர் சோப்பு தீர்ந்த பிறகுதான் கடைக்குப் போகிறார். அதற்குள் இரண்டு மூன்று வாரங்கள் ஓடிவிடும். அந்த விற்பனையை எந்த வாரச் செலவின் கணக்கில் எழுதுவது? இதற்கு பிரிட்டனைச் சேர்ந்த சைமன் பிராட்பென்ட் 1979-ல் முன்வைத்த வழிதான் ஆட்ஸ்டாக். மார்க்கெட்டிங் மிக்ஸ் மாடல்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றன.

கணக்கு எளிது. இந்த வாரச் செலவோடு, போன வார இருப்பில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். அந்தப் பங்கு பாதி என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் மட்டும் 10 லட்சம் செலவிட்டால் இருப்பு 10, 5, 2.5 என்று தேயும். வாரந்தோறும் 10 லட்சம் போட்டால், அது ஏறி 20 லட்சத்தில் நிலைக்கும்.

இருப்பு இரட்டித்தால் விற்பனையும் இரட்டிக்குமா? இரட்டிக்காது. ஏற்கெனவே பார்த்தவர்களே மறுபடியும் பார்ப்பார்கள். வாங்கக்கூடியவர்கள் பெரும்பாலும் வாங்கி முடித்திருப்பார்கள். இதுதான் சாச்சுரேஷன்.

விளம்பரத்தால் வாரத்துக்கு அதிகபட்சம் 40 லட்சம் லாபம் கிடைக்கும், இருப்பு 20 லட்சமாக இருக்கும்போது அதில் பாதி வரும் என்று ஒரு மாடல் சொல்வதாகக் கொள்வோம். அப்படியானால் 10 லட்சம் செலவுக்கு 20 லட்சம் வருகிறது. உற்சாகத்தில் செலவை 20 லட்சமாக்கினால் இருப்பு 40 ஆகும். ஆனால் மாடலின் வளைகோட்டில் வரவு சுமார் 26.7 லட்சம்தான். சராசரியாக ரூபாய்க்கு 1.33 என்பதால் அறிக்கையில் நன்றாகவே தெரியும். பிரித்துப் பார்த்தால், கூடுதலாகப் போட்ட 10 லட்சம் 6.7 லட்சத்தையே கொண்டுவந்திருக்கிறது. அதாவது 3.3 லட்சம் நட்டம். பட்ஜெட்டைக் கூட்டும்போது பார்க்க வேண்டியது சராசரியை அல்ல, கடைசியாகப் போட்ட பணத்தின் வரவை.

அந்தப் ‘பாதி’யும் ‘40 லட்சமும்’ எங்கிருந்து வருகின்றன? பல மதிப்புகளைப் போட்டுப் பார்த்து, பழைய விற்பனையோடு நன்றாகப் பொருந்துவதை மாடல் எடுத்துக்கொள்கிறது. இங்கேதான் சறுக்கல். இரண்டு ஆண்டுகளாக வாரம் 10 லட்சமே செலவிட்டிருந்தால், 20 லட்சம் போட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தரவில் சாட்சியே இல்லை. தீபாவளிக்கு மட்டும் விளம்பரம் செய்திருந்தால், பண்டிகை விற்பனையின் பெருமை விளம்பரத்துக்குப் போய்விடும். இரண்டிலும் வளைகோடு அழகாகவே வரும். அதில் பாதி ஊகமாக இருக்கும்.

இதற்கு மருந்து சோதனை. சில மாவட்டங்களில் சில வாரங்கள் செலவைக் கூட்டுங்கள், வேறு சிலவற்றில் குறையுங்கள், மற்றவற்றைத் தொடாதீர்கள். அந்த வித்தியாசத்தை மாடலின் கணிப்போடு ஒப்பிடுங்கள். அடுத்த முறை அறிக்கை மேசைக்கு வந்தால் இரண்டு கேள்விகள் போதும்: “அடுத்த பத்து லட்சம் எவ்வளவு தரும்? அந்த அளவுக்கு நாம் எப்போதாவது செலவிட்டிருக்கிறோமா?” இரண்டாவதற்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், முதல் பதிலை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள்.