ஒரு மாதிரி தவறினாலும் பிழைக்கும் கணக்கு

இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரல் தமனி வரை குழாய் செலுத்தி இரத்த ஓட்டத்தை அளப்பது தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அது உயிரைக் காக்கிறதா என்று அறிய, அமெரிக்காவின் 5 மருத்துவமனைகளைச் சேர்ந்த 5,735 நோயாளிகளின் பதிவுகளை ஆல்ஃபிரட் கானர்ஸ் குழு ஆராய்ந்து 1996இல் வெளியிட்டது. குழாய் செலுத்தப்பட்ட 2,184 பேரில் 38 சதவீதத்தினர் 30 நாட்களுக்குள் இறந்திருந்தனர். மற்றவர்களில் இறந்தோர் ஏறத்தாழ 31 சதவீதம். ஆனால் நோய் முற்றியவர்களுக்கே குழாய் அதிகம் போடப்பட்டது என்பதால், இந்த 7 சதவீதப் புள்ளி வேறுபாட்டைக் குழாயின் விளைவு என்று கொள்ள முடியாது.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. வயது, இரத்த அழுத்தம் போன்றவற்றைக் கொண்டு, குழாய் போட்டால் இறப்பு வாய்ப்பு எவ்வளவு, போடாவிட்டால் எவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் கணிப்பது விளைவு மாதிரி. அதே விவரங்களிலிருந்து ஒருவருக்குக் குழாய் போடப்படும் வாய்ப்பைக் கணித்து, அதன் தலைகீழியை அவருக்கு எடையாகக் கொடுப்பது எடையிடல். முதலாவதில் மாதிரி பிசகினால் விடையும் பிசகும், இரண்டாவதிலும் அப்படியே. ராபின்ஸ், ராட்னிட்ஸ்கி, ஜாவோ மூவரும் 1994இல் முன்வைத்த மதிப்பீடு இரண்டையும் இணைக்கிறது.

கற்பனையாக, ஒரே நிலையில் 400 நோயாளிகள் இருப்பதாகக் கொள்வோம். குழாய் போடப்படும் வாய்ப்பு 0.25, ஆகவே 100 பேருக்குப் போடப்படுகிறது, அவர்களில் 50 பேர் இறக்கிறார்கள். விளைவு மாதிரியோ தவறுதலாக 40 சதவீத இறப்பையே கணித்திருக்கிறது. அதன்படி 400 பேருக்கும் குழாய் போட்டிருந்தால் 160 பேர் இறந்திருப்பார்கள். போடப்பட்ட 100 பேரில் மாதிரி எதிர்பார்த்தது 40, நடந்தது 50, மிச்சம் 10. இதை 0.25ஆல் வகுத்தால் 40. 160உடன் அதைக் கூட்டினால் 200, அதாவது சரியான 50 சதவீதம். எடை மாதிரி விளைவு மாதிரியைத் திருத்திவிட்டது.

இப்போது மறுபக்கம். விளைவு மாதிரி சரி. உண்மையிலேயே 40 பேர்தான் இறந்தார்கள். வாய்ப்பை மட்டும் 0.5 என்று தவறாகக் கணித்துவிட்டோம். மிச்சம் பூஜ்யம், பூஜ்யத்தை எதனால் வகுத்தாலும் பூஜ்யமே. 160 அசையாமல் நிற்கிறது. குழாய் போடப்படாதவர்களுக்கும் இவ்வாறே கணக்கிட்டுக் கழித்தால் சராசரி விளைவு கிடைக்கும்.

இரண்டு மாதிரிகளுமே தவறினால் காப்பு இல்லை. அப்போது தனி விளைவு மாதிரியைவிட மோசமான விடைகூட வரலாம் என்று காங், ஷேஃபர் இருவரும் 2007இல் காட்டினர். அபாயம் பெரும்பாலும் மிகச் சிறிய வாய்ப்புகளில் இருக்கிறது: வாய்ப்பு 0.01 என்றால் அந்த ஒரு நோயாளியின் மிச்சம் 100 மடங்காகும். அதனால் விடையைப் பார்க்கும் முன் மிகப் பெரிய எடைகளைப் பார்க்க வேண்டும். எடையிட்ட பின் இரு குழுவினரின் வயது, நோயின் கடுமை ஆகிய சராசரிகள் ஒத்துவருகின்றனவா என்றும் சோதிக்க வேண்டும்.

பதிவேட்டில் இல்லாத காரணத்தை எந்த மாதிரியாலும் சரிசெய்ய இயலாது. நோய்க்கடுமையைக் கணக்கில் கொண்ட பிறகும் கானர்ஸ் குழு குழாயுடன் இறப்பு கூடியிருப்பதையே கண்டது. குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து பிரிட்டனில் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வில், குழாயால் தெளிவான நன்மையோ தீமையோ காணப்படவில்லை.