"மேடம், புதன்கிழமை வரைக்கும் டைம் கிடைக்குமா?"

ஆகஸ்ட் 5, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆஃபர் மெயில் வருகிறது. "வியாழக்கிழமைக்குள்ள அக்செப்ட் பண்ணிடுங்க" என்கிறார் எச்.ஆர். ஆனால் வெள்ளிக்கிழமைதான் இன்னொரு கம்பெனியில் கடைசி ரவுண்டு இன்டர்வியூ. அதன் முடிவு தெரிய இன்னும் மூன்று நான்கு நாளாவது ஆகும். சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்க்கும் ஒரு டெஸ்டிங் பொறியாளருக்கு இப்படி நேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வித்யா என்று பெயரும் வைத்துக்கொள்வோம். இப்போதைய கம்பெனியில் அவருக்கு 60 நாள் நோட்டீஸ். புது ஆஃபரில் சேர வேண்டிய தேதி அக்டோபர் 13.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். டைம் கேட்டால் ஆஃபர் போய்விடும் என்று பயந்து உடனே கையெழுத்துப் போடுகிறார்கள். இல்லையென்றால் எச்.ஆர். போனை எடுக்காமல் நாளைக் கடத்துகிறார்கள். ஆள் எடுக்கும் மேஜையின் அந்தப் பக்கம் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: டைம் கேட்டதற்காக ஆஃபர் போனதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். பதில் சொல்லாமல் இழுத்ததற்காகப் போனதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எச்.ஆர். ஏன் இரண்டே நாள் கெடு வைக்கிறார்? அவர் மேஜையில் இன்னொரு பெயர் இருக்கிறது. அதே இன்டர்வியூவில் இரண்டாவதாக வந்தவர். அவரிடம் "ரிசல்ட் இன்னும் வரலை" என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நல்ல ஆளாக இருந்தால் அவர் கையிலும் வேறு வாய்ப்புகள் இருக்கும், ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்க மாட்டார். முதல் ஆள் பத்து நாள் இழுத்துவிட்டு "வேண்டாம்" என்றால் இரண்டாவது ஆளும் கை நழுவிப் போயிருப்பார். அப்புறம் முதலிலிருந்து தேட வேண்டும். இதற்கு மேல் 'ஆஃபர் டிராப்' என்ற பயம் வேறு. நம் ஊர் ஐ.டி. கம்பெனிகளில் நோட்டீஸ் 60 நாள், 90 நாள் என்று நீளுவதால், ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடைவெளியில் அதைவிடப் பெரிய ஆஃபர் தேடி, சேர வேண்டிய நாளில் வராமல் போகிறவர்கள் உண்டு. எல்லா எச்.ஆரும் அதில் அடிபட்டவர்கள்தான். "கொஞ்சம் டைம் வேணும்" என்று மொட்டையாகச் சொன்னால் அவர் காதில் விழுவது, "உங்க ஆஃபரை வெச்சு வேற இடத்துல பேரம் பேசப்போறேன்" என்பதுதான்.

நடுவில் கன்சல்டன்சி ஆள் இருந்தால் நெருக்கடி இன்னும் கூடும். நீங்கள் வேலையில் சேர்ந்தால்தான் அவர்களுக்குக் கமிஷன். உங்கள் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது இந்தத் தொழிலில் அடிக்கடி காதில் விழும் கணக்கு. அதனால் "இன்னைக்கே சைன் பண்ணலைன்னா பொசிஷன் க்ளோஸ் ஆயிடும்" என்று அவர் சொல்வது கம்பெனியின் கெடுவா, அவர் கெடுவா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். "ஆஃபர் எந்தத் தேதி வரைக்கும் வேலிட்னு கம்பெனி எச்.ஆர். மெயில்ல போட்டிருக்காங்களா?" என்று கேட்டாலே போதும், தெரிந்துவிடும்.

சட்டத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 5-இன்படி, நீங்கள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவிக்கும்வரை ஆஃபரைக் கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறலாம். குறிப்பிட்ட கெடு தாண்டினால் அது தானாகக் காலாவதியாகும் என்கிறது பிரிவு 6. ஆகவே கெடு நீட்டித்துக் கொடுத்தாலும் அந்த நாட்களில் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. மறுபக்கம், டைம் கேட்பது மறுப்பாகாது. இங்கிலாந்தில் 1880-இல் தீர்ப்பான ஸ்டீவன்சன் எதிர் மெக்லீன் வழக்கை நம் ஊர் சட்ட மாணவர்களும் படிக்கிறார்கள். ஒருவர் இரும்பை டன் 40 ஷில்லிங் என்று விலை சொல்லி, திங்கட்கிழமை வரை கெடு கொடுத்தார். வாங்குபவர் திங்கள் காலை தந்தி அடித்து, அதே விலைக்கு இரண்டு மாதத்தில் எடுத்துக்கொள்ளலாமா, இல்லையென்றால் எவ்வளவு காலம் தருவீர்கள் என்று கேட்டார். விற்பவர் பதில் சொல்லாமல் இரும்பை வேறொருவருக்கு விற்றுவிட்டார். அந்தச் செய்தி வந்து சேரும் முன்பே வாங்குபவர் "சம்மதம்" என்று தந்தி கொடுத்திருந்தார். முதல் தந்தி வெறும் விசாரிப்பு, அதனால் ஆஃபர் சாகவில்லை, ஒப்பந்தம் செல்லும் என்றது நீதிமன்றம். இதுவே "38 ஷில்லிங் என்றால் வாங்கிக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தால் அது எதிர்-ஆஃபர், பழையது அங்கேயே முடிந்திருக்கும். வேலை விஷயத்தில் யாரும் கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை. ஆனாலும் இந்த வேறுபாடு உதவும். டைம் கேட்கும் மெயிலிலேயே "இன்னும் ரெண்டு லட்சம் கூட்டினா சேர்றேன்" என்று சேர்த்து எழுதாதீர்கள். சம்பளம் பேசுவதென்றால் அதைத் தனியாக, முதலில் பேசி முடியுங்கள்.

இனி வித்யாவின் கணக்கு. எத்தனை நாள் கேட்கலாம் என்பதைச் சேரும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஆகஸ்ட் 13 புதன்கிழமை ராஜினாமா கொடுத்தால், அந்த நாளையும் சேர்த்து 60-ஆவது நாள் அக்டோபர் 11, சனிக்கிழமை. அக்டோபர் 13, திங்கட்கிழமை புது வேலையில் சேரலாம். ஆகஸ்ட் 20 வரை கேட்டால் சேரும் தேதியும் ஒரு வாரம் தள்ளும். அப்போது அவர் கேட்பது ஒரு சலுகை இல்லை, இரண்டு. ஆக, அதிகபட்சம் 13-ஆம் தேதிவரைதான் கேட்கலாம். அதைச் சொல்வதிலேயே அவருக்கு ஒரு பலம் இருக்கிறது: கம்பெனிக்கு ஒரு நாள்கூட இழப்பில்லை.

கேட்பதைக் கெடு முடியும் வியாழக்கிழமை சாயங்காலம் கேட்கக் கூடாது. புதன்கிழமை காலையிலேயே போனில் கேட்க வேண்டும்.

"மேடம், ஆஃபர் லெட்டர் பார்த்தேன், ரொம்ப சந்தோஷம். இந்த ரோல் எனக்குப் பிடிச்சிருக்கு. ஒரு விஷயத்தை நேராச் சொல்லிடறேன். உங்களுக்கு முன்னாடியே ஆரம்பிச்ச இன்னொரு இன்டர்வியூ வர்ற வெள்ளிக்கிழமை முடியுது. சைன் பண்ணிட்டு அப்புறம் மனசு மாறி உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்னு பார்க்கறேன். 13-ஆம் தேதி புதன்கிழமை வரைக்கும் டைம் கிடைக்குமா? அன்னைக்கே ரிசைன் பண்ணினாலும் அக்டோபர் 13 ஜாயினிங்ல மாற்றம் இருக்காது."

"எந்தக் கம்பெனி வித்யா? எவ்வளவு தர்றாங்க?"

"இன்னும் ஆஃபர் எதுவும் வரலை மேடம். பேர் சொல்றது அவங்களுக்குச் சரியா இருக்காது."

"நான் மேனேஜர்கிட்ட கேக்கணும்."

கடைசி வரிதான் முக்கியம். முடிவெடுப்பவர் பெரும்பாலும் எச்.ஆர். இல்லை, ஆள் கேட்ட மேனேஜர். வித்யா சொன்னதை எச்.ஆர். அவரிடம் போய் ஒப்பிக்க வேண்டும். ஒரு தேதி, ஒரு காரணம், சேரும் நாள் மாறாது என்ற உறுதி. இந்த மூன்றும் கையில் இருந்தால் எச்.ஆரே உங்களுக்காகப் பேசுவார். காரணம் உண்மையானதாகவும் ஒரு நாளில் முடிவதாகவும் இருக்க வேண்டும். லெட்டரில் ஜாயினிங் போனஸைத் திருப்பிக் கட்டும் நிபந்தனை புரியவில்லை என்பதும், ஊர் மாறுவதைப் பற்றி வீட்டில் பேச வேண்டும் என்பதும் நல்ல காரணங்களே. இல்லாத உடம்பு சரியில்லாத பாட்டியை இழுக்காதீர்கள். எச்.ஆர். அந்தப் பாட்டியை வாரத்துக்கு மூன்று பேரிடம் கேட்கிறார்.

சாயங்காலம் பதில் வருகிறது. "செவ்வாய் அஞ்சு மணி வரைக்கும். அதுக்கு மேல எனக்கு அப்ரூவல் இல்லை." கேட்டதைவிட ஒரு நாள் குறைவு. வித்யா நன்றி சொல்லி ஒப்புக்கொள்கிறார், பேரம் பேசவில்லை. உடனே ஒரு மெயில்: போனில் பேசியபடி கெடு ஆகஸ்ட் 12 மாலை 5 மணிவரை நீட்டிக்கப்பட்டதற்கு நன்றி, அதற்குள் உறுதியாகப் பதில் தருகிறேன், சேரும் தேதி அக்டோபர் 13-தான். அதோடு ஒரு கேள்வியும்: போர்ட்டலில் அக்செப்ட் பண்ணும் லிங்க் வியாழனோடு முடிவதாகக் காட்டுகிறது, அதையும் மாற்றித் தர முடியுமா? பலர் சறுக்குவது இங்கேதான். எச்.ஆர். வாயால் கெடுவை நீட்டியிருப்பார், சிஸ்டம் பழைய தேதியிலேயே ஆஃபரைக் காலாவதியாக்கிவிடும். மறுபடி வெளியிட மேலே மூன்று பேர் அப்ரூவ் பண்ண வேண்டும், அதில் ஒருவர் லீவில் இருப்பார்.

அதே புதன்கிழமை வித்யா இன்னொரு வேலையும் செய்கிறார். இரண்டாவது கம்பெனிக்குப் போன் போட்டு, "என் கையில ஒரு ஆஃபர் இருக்கு, செவ்வாய் சாயங்காலம் பதில் சொல்லணும். வெள்ளிக்கிழமை ரவுண்டு முடிஞ்சதும் செவ்வாய் மதியத்துக்குள்ள உங்க முடிவு தெரிஞ்சா உதவியா இருக்கும்" என்கிறார். வாங்கிய டைம் பயன்பட வேண்டுமென்றால் இந்தப் போன் அவசியம். இதைச் செய்யாதவர்கள்தான் கடைசி நாளில் முதல் கம்பெனியிடம் மறுபடி டைம் கேட்டு நிற்கிறார்கள். இரண்டாவது முறை கேட்கும்போது முதல் முறை சொன்ன தேதிக்கு மதிப்பில்லாமல் போகிறது. இரண்டாவது ஆளுக்குப் போன் போவதும் அப்போதுதான்.

ஆஃபர் ஆட்டம் காண்பது சில அறிகுறிகளில் தெரியும். தினமும் கூப்பிட்ட எச்.ஆர். இரண்டு நாளாகக் கூப்பிடவில்லை. மெயிலுக்குப் பதில் இல்லை. "ரோல்ல சின்ன மாற்றம் இருக்கு" என்கிறார். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கெடுவரை காத்திருக்காமல் அன்றே பேசி, வேண்டுமென்றால் அன்றே ஏற்றுக்கொள்ள வேண்டும். எல்லா இடத்திலும் இந்த வழி செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் ஆள் எடுக்கும்போது உங்கள் ஒருவருக்காகத் தேதி மாற்ற யாரும் மெனக்கெட மாட்டார்கள். கல்லூரி கேம்பஸில் எடுக்கிறார்கள் என்றால் பிளேஸ்மென்ட் செல்லின் விதிதான் விதி.

வெள்ளிக்கிழமை ரவுண்டு நன்றாகப் போகிறது. செவ்வாய் மதியம் இரண்டாவது கம்பெனியிலிருந்து போன். "நல்லா பண்ணியிருக்கீங்க வித்யா, பட்ஜெட் அப்ரூவல் மட்டும் வரணும், ஒரு வாரம் பொறுத்துக்கங்க." ஒருவேளை அங்கிருந்து லெட்டரே வந்து, அதைத்தான் எடுப்பதென்றால், முதல் எச்.ஆரை அப்போதே போனில் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும், ஐந்து மணிவரை காத்திருக்காமல். ஆனால் வந்தது லெட்டர் இல்லை, வாய்ச்சொல். மூன்று மணிக்கு வித்யா போர்ட்டலைத் திறந்து அக்செப்ட் பண்ணி, கையெழுத்திட்ட லெட்டரின் பி.டி.எஃப்-ஐ இறக்கி வைத்துக்கொண்டு, எச்.ஆருக்குப் போன் போடுகிறார். மறுநாள் காலை, 13-ஆம் தேதி, தன் மேனேஜருக்கு ராஜினாமா மெயில் அனுப்புகிறார்.