வீட்டுப் பாடமும் பிரம்பும்

தண்டித்தல் வேறு, ஒழுங்கு கற்பித்தல் வேறு. பேச்சு வழக்கில் இவ்விரண்டையும் நாம் ஒன்றாகவே கொள்கிறோம். “பையனைக் கண்டித்து வளர்க்க வேண்டும்” என்று ஒருவர் சொன்னால், அவர் அடிப்பதைக் கருதுகிறாரா, நெறிப்படுத்துவதைக் கருதுகிறாரா என்பது விளங்குவதில்லை. சொற்கள் தெளிவாகவே இருக்கின்றன. தண்டம் என்றால் கோல். அதிலிருந்து வந்தது தண்டனை. ஒழுகுதல் என்றால் ஒரு நெறியில் தொடர்ந்து செல்லுதல்; அதிலிருந்து வந்தது ஒழுக்கம். முன்னது நடந்து முடிந்த செயலுக்குப் பிள்ளையிடம் நாம் வாங்கும் விலை. பின்னது இனி நடக்க வேண்டிய செயலுக்கு நாம் அவனுக்கு அளிக்கும் பயிற்சி.

நம்மில் சிலர் மாலை நேரங்களில் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். ஏனையோருக்கும் ஊரில் தம்பி தங்கையர், அக்காள் மக்கள் உண்டு. ஆகவே, வீட்டுப் பாடம் எழுத மாட்டேன் என்று நாள்தோறும் மறுக்கும் ஒரு சிறுவனைக் கொண்டு இவ்வேறுபாட்டை ஆராய்வோம்.

அவனுக்குக் குமரன் என்று பெயர் வைப்போம். வயது 9, நான்காம் வகுப்பு. தந்தைக்கு மாற்றலாகி, சென்ற ஆண்டு மதுரையிலிருந்து தில்லிக்கு வந்தவன். மாலை 6 மணிக்குத் தாய், “குமரா, நோட்டை எடுடா கண்ணா” என்கிறாள். அவனுக்குத் தாகம் எடுக்கிறது, பென்சில் முனை உடைகிறது, வயிறு வலிக்கிறது. 7½ மணிக்குத் தந்தை வருகிறார். “இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லையா?” என்று இரண்டு அடி விழுகிறது. அழுகை, கூச்சல். 9 மணிக்குத் தாயின் மனம் இளகுகிறது. “சரி, போய்ப் படு, காலையில் எழுதிக்கொள்ளலாம்” என்கிறாள். காலையில் எழுத நேரம் ஏது?

“அடம்” என்று சொல்லி இதை முடித்துவிடுவது எளிது. ஆனால் அடம் என்பது பெயரே அன்றிக் காரணம் அன்று. காரணத்தை அறிய ஒரு தாளும் ஐந்து நாளும் போதும். தாளில் நான்கு பத்திகள்: எந்தப் பாடம், எத்தனை மணிக்கு, மறுத்தவுடன் பெரியவர்கள் செய்தது என்ன, இறுதியில் அந்தப் பாடம் என்னவாயிற்று. கடைசிப் பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவர். அதுவே முதன்மையானது.

குமரனின் தாளைப் பார்ப்போம். கணக்கையும் ஆங்கிலத்தையும் முணுமுணுத்தபடியே கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறான். மறுப்பெல்லாம் இந்திப் பாடத்தில்தான். திங்களன்று அடி, பிறகு உறக்கம். செவ்வாயன்று, “என் கண் முன்னால் நிற்காதே, போ வெளியே” என்று தந்தை விரட்டினார், அவன் போய்விட்டான். புதனன்று அடுத்த வீட்டு அக்காள் விடைகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் கேட்டு எழுதினான். வியாழனன்று அழுதபடியே தூங்கிப்போனான். வெள்ளியன்று இந்திப் பாடம் இல்லை, சண்டையும் இல்லை.

இதில் தெரிவது என்ன? ஒவ்வொரு நாளும் குமரன் இந்தியிலிருந்து தப்பிவிடுகிறான். சில அடிகளை விலையாகக் கொடுத்து விடுதலை வாங்குகிறான். “வெளியே போ” என்பது தந்தைக்குத் தண்டனை. மகனுக்கோ அதுவே அவன் வேண்டிய வரம். ஒரு செயலின் முடிவில் துன்பம் நீங்குமானால் அச்செயல் வலுப்பெறும் என்பது உளவியலின் அடிப்படை விதிகளுள் ஒன்று. குமரனின் மறுப்பு அவ்வாறே வலுப்பெறுகிறது. தந்தைக்கும் இதே விதிதான். அடித்தவுடன் ஐந்து நிமிடம் வீடு அமைதியாகிறது. அந்த அமைதி அவருக்குப் பரிசு. ஆகவே மறுநாளும் கை ஓங்குகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜெரால்டு பேட்டர்சன், பெற்றோரும் பிள்ளையும் இவ்வாறு ஒருவரையொருவர் நெருக்கிக் கட்டாயப்படுத்தும் சுழலைக் குடும்பங்களில் நேரில் கண்டு ஆராய்ந்து, 1982இல் ஒரு நூலாகவே எழுதினார்.

“அடித்தால் பயம் இருக்கும், பயம் இருந்தால் எழுதுவான்” என்பது அடுத்த வாதம். 1938இல் பி. எஃப். ஸ்கின்னர் வெளியிட்ட நூலில் ஒரு சோதனை உண்டு. நெம்புகோலை அழுத்தினால் இரை கிடைக்கும் என்று எலிகளைப் பழக்கினார். பின்பு இரையை நிறுத்திவிட்டார். அதன்பின் சில எலிகள் கோலை அழுத்தியபோது, முதலில் சிறிது நேரம் மட்டும் அவற்றின் கால்களில் அடி விழுமாறு செய்தார். அடிபட்டவை உடனே அடங்கின. ஆனால் இரண்டாம் நாள் முடிவில், அடிபடாத எலிகள் எத்தனை முறை அழுத்தினவோ ஏறத்தாழ அத்தனை முறை அவையும் அழுத்தியிருந்தன. அடி செயலைத் தள்ளிப்போட்டது, அழிக்கவில்லை. தண்டனை மிகக் கடுமையானால் செயல் நின்றுவிடவும் கூடும் என்று பிற்காலச் சோதனைகள் காட்டின. இருந்தாலும் வீட்டுப் பாடத்திற்கு அது உதவாது. சுவரில் கிறுக்குவது நிறுத்த வேண்டிய செயல். பாடம் எழுதுவது தோன்ற வேண்டிய செயல். தெரியாத ஒன்றைப் பிரம்பு எப்படிக் கற்பிக்கும்?

குமரனுக்குத் தெரியாதது என்ன? அதையும் சோதித்துப் பார்க்கலாம். ஒரு வரியைப் பார்த்து எழுதச் சொன்னால் அழகாக எழுதுகிறான். ஆகவே சோம்பல் அன்று. வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் கூட்டெழுத்து வருமிடத்தில் நின்றுவிடுகிறான். சொல்வதைக் கேட்டு எழுதச் சொன்னால் ககர வரிசையில் தடுமாறுகிறான். தமிழில் ஒரு ‘க’ இருக்குமிடத்தில் இந்தியில் நான்கு எழுத்துகள். தமிழிலே பழகிய செவிக்கு அந்நான்கின் வேறுபாடு எளிதில் பிடிபடாது. மற்றப் பிள்ளைகள் வீட்டிலும் தெருவிலும் கேட்டுப் பழகிய மொழி அது. இவன் வீட்டிலோ அதைத் திருத்திச் சொல்ல எவரும் இல்லை. “மாட்டேன்” என்று அவன் சொன்னதன் பொருள் “முடியவில்லை” என்பதே.

இனி ஒழுங்கு கற்பிக்கும் வழியைக் காண்போம். பள்ளியிலிருந்து வந்ததும் சிற்றுண்டி; பிறகு அரை மணி நேரம் ஓய்வு; 5 மணிக்குப் பாடம். நாள்தோறும் அதே நேரம், அதே இடம். தொடங்கலாமா வேண்டாமா என்பது அவன் விருப்பம் அன்று. இந்தி முதலிலா கணக்கு முதலிலா என்பது அவன் விருப்பம். இந்திப் பாடத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். முதல் துண்டில் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள் ஐந்து. அடுத்து ஒரே ஒரு கூட்டெழுத்து. அதன்பின் வீட்டுப் பாடத்தில் இரண்டு வினாக்கள். அருகில் அமர்பவர் விடையைச் சொல்லக் கூடாது. சொல்லை உரக்கப் படித்துக் காட்டலாம்.

பாடம் முடிந்த பின்பே கிரிக்கெட்டும் கைபேசியும். பிள்ளை தானே விரும்பிச் செய்வதை, விரும்பாததற்குப் பின்னால் வைத்தால், முன்னது பின்னதை இழுத்து வரும். டேவிட் பிரிமாக் 1959இல் எடுத்துரைத்த விதி இது. நம் பாட்டிமார் “சோற்றை உண்டு முடி, பிறகு விளையாடலாம்” என்று சொல்லும் முறையும் இதுவே. விளையாட்டைப் பறிப்பதும் பின்வைப்பதும் ஒன்றல்ல. “இந்த வாரம் முழுதும் மட்டையைத் தொடக் கூடாது” என்றால் அது தண்டனை. இன்று எழுதி என்ன பயன் என்று அவன் கைவிட்டுவிடுவான். “இந்த இரண்டு வினா முடிந்ததும் மட்டை உன் கையில்” என்றால் கதவு அவன் கையிலேயே இருக்கிறது.

அவன் மறுத்தால்? நீண்ட அறிவுரை வேண்டாம், அடியும் வேண்டாம், விடுதலையும் வேண்டாம். “கடினமாக இருக்கிறது, இல்லையா? இந்த ஒரு சொல்லைச் சேர்ந்து படிப்போம்” என்று வேலையைச் சிறிதாக்கலாம்; நீக்கிவிடக் கூடாது. நூறு முறை எழுது என்று கூடுதல் பாடமும் தரக் கூடாது. எழுதுவதே தண்டனையானால் எழுத்தின்மேல் விருப்பம் எங்கிருந்து வரும்?

முதல் சில நாட்களில் அடம் மிகும். இதுவரை திறந்த கதவு இப்போது திறக்கவில்லையே என்று ஓங்கித் தட்டுவான். இங்கேதான் பெரும்பாலோர் தளர்கின்றனர். மூன்று நாள் உறுதியாக நின்று நான்காம் நாள் விட்டுக்கொடுத்தால், நீண்ட நேரம் தட்டினால் கதவு திறக்கும் என்ற பாடத்தை அவன் கற்றுக்கொள்கிறான். என்றோ ஒருநாள் கிட்டும் வெற்றி, நாள்தோறும் கிட்டும் வெற்றியினும் அடத்தை நீண்டநாள் வாழவைக்கும்.

முறை பயன் தருகிறதா என்பதை மனப்போக்கில் சொல்லாமல் எண்ணிப் பார்க்க வேண்டும். அழைத்ததிலிருந்து பேனா தாளைத் தொடும் வரை எத்தனை நிமிடம் என்று குறித்து வாருங்கள். குமரனுக்கு முதல் நாள் 40, நான்காம் நாள் 55, பத்தாம் நாள் 15 என்று இருந்தால் வழி சரியானதே. இரண்டு வாரம் கழித்தும் எண் இறங்கவில்லையானால், குற்றம் பிள்ளையிடம் அன்று. காரணத்தைத் தவறாகக் கண்டிருக்கிறோம். கண்பார்வையையும் செவியையும் சோதிக்க வேண்டும். தமிழ் உட்பட எந்த மொழியிலும் வாசிப்பு வயதுக்கு மிகவும் பின்தங்கியிருந்து, பேச்சில் மட்டும் அறிவு மிளிருமானால், கற்றல் குறைபாடு உண்டா என்று வல்லுநரைக் கேட்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அக்குறைபாட்டை ஏற்று இடம் தந்துள்ளது. பாடமே மிகுதியாக இருக்கலாம் என்பதையும் மறக்கலாகாது. 3 முதல் 5 வரை உள்ள வகுப்புகளுக்கு வாரத்திற்கு 2 மணி நேர வீட்டுப் பாடமே எல்லை என்கிறது 2020இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கை. எழுதாமல் போனால் ஆசிரியரிடம் அவனே விடை சொல்லட்டும் என்று விடுவதும் சில வேளை நல்ல பாடமாகும். ஆனால் அங்கே பிரம்பு காத்திருக்குமானால் அது பாடமாகாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பள்ளியில் உடல் தண்டனையையும் மன வதையையும் தடை செய்கிறது.

“அடித்த மறுநாள் ஒழுங்காக எழுதினானே!” என்று குமரனின் தந்தை சொல்லக்கூடும். அறிவியல் மாணவர்களுக்கு இதன் விடை புதிதன்று. ஒருவன் நடத்தை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். மிக மோசமான நாளில்தான் அடி விழுகிறது; மிக மோசமான நாளுக்கு அடுத்த நாள் பெரும்பாலும் சராசரிக்குத் திரும்பும், அடித்தாலும் அடிக்காவிட்டாலும். பெருமை பிரம்புக்குப் போகிறது. மிக நல்ல நாளில் பாராட்டுகிறோம். மறுநாள் சற்று இறங்கும். பழி பாராட்டின்மேல் விழுகிறது. இஸ்ரேலிய விமானப் பயிற்சியாளர்கள் இவ்வாறே ஏமாந்ததை டேனியல் கானமன் எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆகவே அந்தத் தந்தையிடம் வாதாட வேண்டாம். நான்கு பத்தி வரைந்த தாளைக் கொடுத்து, “சார், ஒரு மாதம் குறித்துப் பாருங்கள், அடித்த நாளையும் அடிக்காத நாளையும் பிறகு ஒப்பிடுவோம்” என்று கேட்டுக்கொள்வதே போதும்.