அப்பாவின் டிக்கெட்டில் மகன் போகலாமா?

தீபாவளிக்கு ஊருக்குப் போக அறுபது நாள் முன்பே காத்திருந்து, முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் பிடித்த டிக்கெட். பெயர் அப்பாவுடையது. பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக மகன் போகலாம் என்று வீட்டில் முடிவாகிறது. அடுத்த நொடியே பலரும் செய்வது, செல்போனை எடுத்து அப்பாவின் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு மகனுக்குப் புதிதாகத் தேடுவதுதான். கையில் இருந்த படுக்கை போய்விடும். ரத்துக் கட்டணமும் பிடித்துக்கொள்வார்கள். புதிய டிக்கெட்டோ காத்திருப்புப் பட்டியலில் நூறைத் தாண்டி நிற்கும்.

இதற்கு அவசியமே இல்லை. அதே படுக்கையை மகன் பெயருக்கு மாற்றித் தர ரயில்வேயில் வழி இருக்கிறது. ஆனால் அது அகலமான வழியல்ல. எங்கே திறக்கும், எப்போது மூடும் என்று தெரிந்தவர்களுக்கே பயன்படும்.

முன்பதிவு செய்த டிக்கெட்டை இன்னொருவருக்குக் கைமாற்றக் கூடாது என்பதுதான் சட்டத்தின் பொது விதி. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 53-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. கைமாற்றினால் 142-ஆவது பிரிவின்படி அது குற்றம். அந்த டிக்கெட்டில் ஏறியவர் டிக்கெட் இல்லாமல் பயணித்தவராகவே கருதப்படுவார். இப்படி இறுக்காவிட்டால், ஏதோ ஒரு பெயரில் நூறு டிக்கெட் வாங்கி வைத்து, பண்டிகை நெருங்கும்போது இரட்டிப்பு விலைக்கு விற்பவர்களைத் தடுக்க முடியாது. அதே பிரிவிலேயே இரண்டு விலக்குகளும் உண்டு. ஒரே ரயிலில் போகிறவர்கள் தங்களுக்குள் இருக்கையை மாற்றிக்கொள்ளலாம். ரயில்வே அதிகாரி, விதித்த சூழ்நிலைகளில், பயணியின் பெயரை மாற்ற அனுமதிக்கலாம். குடும்பத்தாருக்கான வசதி இந்த இரண்டாவது விலக்கிலிருந்து வருகிறது.

குடும்பம் என்றால் யார்? தந்தை, தாய், சகோதரன், சகோதரி, மகன், மகள், கணவன், மனைவி. பட்டியல் இத்தோடு முடிந்தது. தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் இதில் இல்லை. மாமனார், மாமியார், மருமகள், மருமகன் இல்லை. சித்தப்பா பையனை நாம் தம்பி என்றுதான் சொல்லி வளர்ந்திருப்போம்; கவுன்டரில் அவர் சகோதரன் ஆக மாட்டார். மாமியாருக்கு எடுத்த டிக்கெட்டில் அதே வீட்டில் வாழும் மருமகள் போக முடியாது, ஆனால் வேறு ஊரில் இருக்கும் மகன் போகலாம். கூட்டுக் குடும்பமாக வாழ்கிறவர்களுக்கு இது நியாயமாகப் படாது. எனக்கும் படவில்லை. ஆனாலும் இன்றைய விதி இதுதான்.

முதலில் சொன்ன வீட்டுக்கே வருவோம். ரயில் சனிக்கிழமை இரவு 9.40-க்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர் மாற்றக் கோரிக்கையை, ரயில் புறப்பட வேண்டிய நேரத்துக்கு 24 மணி நேரம் முன்னதாகக் கொடுத்தாக வேண்டும். கணக்குப்படி வெள்ளி இரவு 9.40 வரை நேரம் இருக்கிறது. ஆனால் முன்பதிவு மையங்கள் பெரும்பாலும் இரவு 8 மணிக்கே மூடிவிடும். அதனால் உண்மையான கெடு வெள்ளி இரவு 8 மணி. ரயில் திங்கள் இரவு என்றால் இன்னும் நெருக்கடி. ஞாயிற்றுக்கிழமைகளில் பல மையங்கள் மதியம் 2 மணியோடு சரி. வழியில் ஏதோ ஒரு நிலையத்தில் ஏறுகிறவர்கள், ரயில் கிளம்பும் முதல் நிலையத்தின் நேரத்தை வைத்துக் கணக்கிடுவதே பாதுகாப்பு.

ஐஆர்சிடிசி இணையதளத்தில் எடுத்த டிக்கெட்டாக இருந்தாலும் பெயரைச் செயலியில் மாற்ற முடியாது. ஏறும் நிலையத்தை இணையத்தில் மாற்ற முடிகிறதே, பெயரும் அப்படித்தான் என்று எண்ணி நேரத்தை வீணாக்க வேண்டாம். டிக்கெட்டை அச்செடுத்துக்கொண்டு முன்பதிவு மையத்துக்கு நேரில் போக வேண்டும். அங்கே முடிவெடுப்பவர் தலைமை முன்பதிவு மேற்பார்வையாளர். கவுன்டர் வரிசையில் நிற்பதற்கு முன் அவருடைய அறை எங்கே என்று விசாரித்துக்கொள்வது நல்லது. வெள்ளைத்தாளில் ஒரு கடிதம் போதும். அப்பா தன் கையெழுத்தில், ‘உடல்நலக் குறைவால் பயணம் செய்ய இயலவில்லை, என் பெயரில் உள்ள படுக்கையை என் மகன் பெயருக்கு மாற்றித் தர வேண்டுகிறேன்’ என்று எழுதி, பிஎன்ஆர் எண், ரயில் எண், பயணத் தேதி, மகனின் முழுப்பெயர், வயது ஆகியவற்றைக் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். கூடவே இருவரின் அடையாள அட்டைகளும், மூலமும் நகலும்.

பலர் திரும்பி வருவது உறவுச் சான்று இல்லாமல்தான். இருவரும் ஒரே குடும்ப அட்டையில் இருந்தால் சிக்கலில்லை. கல்யாணமாகிப் போன மகளின் பெயர் கணவர் வீட்டு அட்டைக்கு மாறியிருக்கும். அவருடைய ஆதாரிலும் கணவர் பெயரே இருக்கலாம். அப்போது அப்பா, அம்மா பெயருள்ள பிறப்புச் சான்றிதழோ பாஸ்போர்ட்டோ கைகொடுக்கும். அண்ணன், தங்கை என்றால் இரண்டு பேரின் சான்றிலும் ஒரே அப்பா பெயர் தெரிய வேண்டும். நம் ஊரில் ஒரு சான்றில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும், இன்னொன்றில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கும். முழுப்பெயர் உள்ள சான்றையே எடுத்துப் போங்கள். வேலை முடிந்ததும், மாறிய பெயரும் வயதும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று அங்கேயே கேட்டுச் சரிபார்த்த பிறகு நகருங்கள். பரிசோதகர் ரயிலில் பார்ப்பது அந்தப் பெயரையும் மகனின் அடையாள அட்டையையும்தான்.

இந்த மாற்றம் ஒரே ஒரு முறைதான். மகனுக்கு மாற்றிய பிறகு அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை என்றால் மகளுக்கு மறுபடி மாற்ற முடியாது. அதனால் யார் போகப் போகிறார் என்பது வீட்டில் உறுதியான பிறகே மையத்துக்குக் கிளம்ப வேண்டும். தத்கால் டிக்கெட்டில் பெயர் மாற்றமே கிடையாது.

கல்யாண வீட்டார் கூட்டமாக எடுத்த டிக்கெட்டுக்குத் தனி விதி. அங்கே உறவு கேட்பதில்லை. குழுவின் தலைவர் 48 மணி நேரம் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும், மொத்தப் பேரில் பத்து சதவீதத்துக்கு மேல் மாற்ற முடியாது. நாற்பது பேர் போகிறார்கள் என்றால் நான்கு பெயர்.

24 மணி நேரக் கெடு தாண்டிவிட்டால், மகனாகவே இருந்தாலும் அப்பா பெயரில் ஏறுவது சரியல்ல. பரிசோதகர் இரக்கப்பட்டு விட்டுவிடுவார் என்று நம்பிப் போனால், நடுராத்திரியில் அபராதம் கட்ட நேரிடும். அப்போது செய்ய வேண்டியது டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வேறு வழி பார்ப்பது. படுக்கை வசதிப் பெட்டிக்கான தத்கால் முன்பதிவு, ரயில் கிளம்பும் நாளுக்கு முதல் நாள் காலை 11 மணிக்கும், ஏசி பெட்டிக்கு 10 மணிக்கும் திறக்கும். சனிக்கிழமை ரயிலுக்கு வெள்ளி காலையிலேயே அந்த வாய்ப்பு வந்து போய்விடுகிறது. எனவே உடம்பு முடியாமல் போகலாம் என்று வியாழன் இரவே தோன்றினால், வெள்ளி காலையில் முதல் வேலையாக மையத்துக்குப் போய்விடுங்கள்.

ரயில்வேக்கு ஒரு வேண்டுகோள். பெரும்பாலோர் இன்று இணையத்தில்தான் முன்பதிவு செய்கிறார்கள். பெயர் மாற்றத்துக்கு மட்டும் அச்செடுத்த தாளோடு, காய்ச்சலில் கிடப்பவரின் கையெழுத்தோடு வரிசையில் நிற்க வைப்பதை மாற்றுங்கள். உறவுப் பட்டியலில் தாத்தா பாட்டியையும் மருமகளையும் சேருங்கள்.